ஒரு மணியும் ஒரு மணி நேரமும்: ஜப்பான் ஹோட்டல் மேசையில் ஏழு நாள்

முதல் நாள், ஒசாகா

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. நீளமான முடி. தினமும் தலைக்குக் குளிப்பார். தூக்கம் மெலிது, பக்கத்து அறையில் யாராவது இருமினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். காலையில் நிதானமாகக் கிளம்புகிற ஆள். ஆகவே எங்கே தங்கினாலும் கீழே மேசையில் மூன்று விஷயம் கேட்டாக வேண்டும் என்பது பயணத்துக்கு முன்பே தெரியும்: கூடுதலாக ஒரு துண்டு, சத்தமில்லாத அறை, கொஞ்சம் தாமதமாகக் காலி செய்ய அனுமதி. அதற்கு மட்டும் ஒரு சின்ன நோட்டில் ஜப்பானிய மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். முழு மொழியைக் கற்க நேரமில்லை, இந்த மூன்று மட்டும் போதும் என்று நினைத்தேன்.

இன்று மாலை அறைக்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் முதல் தேவை வந்துவிட்டது. குளியலறையில் ஆளுக்கு ஒரு பெரிய துண்டு, ஒரு சின்னத் துண்டு. அத்தை தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று கேட்டார். நோட்டைப் பிரித்தேன். டவலுக்கு ஜப்பானியத்திலும் டவல்தான், அவர்கள் வாயில் அது 'தாஒரு' ஆகிவிட்டது. நான் சொல்லிப் பார்ப்பதைக் கேட்ட அத்தை சிரித்தார்.

“தா ஒருன்னா, ஒண்ணு குடுன்னுதானே? அவங்களும் தமிழ்லதான் கேக்கறாங்க!”

உண்மையில் இதைவிட நல்ல ஞாபகக் குறிப்பு கிடையாது. தா, ஒரு. இனி மறக்கவே மாட்டோம். (நம்முடைய 'துவாலை' போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது, சாவியும் ஜன்னலும்கூட அப்படியே. துடைத்துக்கொள்கிற துணிக்குப் பெயரை வெளியிலிருந்து வாங்கியதில் இரண்டு மொழிகளும் ஒன்று.)

கீழே போய் நான் சொன்ன வாக்கியம் இது: 'சுமிமாசென். தாஒரு, மோ இச்சிமாய், ஒனேகாய்ஷிமாஸ்.' முதல் சொல் மன்னிக்கவும் என்பது, யாரையும் கூப்பிடுவதற்கும் அதுதான். கடைசிச் சொல் தயவுசெய்து என்கிற பொருளில் எந்த வேண்டுதலின் முடிவிலும் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கிற 'மோ'தான் முக்கியம். மோ என்றால் இன்னும். 'இச்சிமாய்' ஒன்று. வெறும் 'இச்சிமாய்' என்று மட்டும் சொன்னால் ஒன்று வேண்டும் என்றுதான் ஆகும், இருப்பதற்கு மேல் ஒன்று என்பது விளங்காது. அறையில் துண்டே வைக்கவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் பதறவும் வாய்ப்பு உண்டு. மோ சேர்த்தால் அந்தக் குழப்பம் போய்விடுகிறது.

'மாய்' என்பது தட்டையான பொருள்களை எண்ணும்போது சேர்க்கும் ஒட்டு. காகிதம், போர்வை, துண்டு எல்லாம் மாய். நீளமான பொருளுக்கு வேறு ஒட்டு, சின்ன விலங்குக்கு வேறு. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் ஊரைப் பார்க்க முடியாது. நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன்: 'ஹித்தொட்சு'. எதற்கும் பொருந்துகிற ஒன்று. துண்டு, தலையணை, ஹேங்கர், எதுவானாலும் பொருளைச் சொல்லி 'மோ ஹித்தொட்சு' என்றால் வேலை முடிந்தது. இலக்கணம் படித்தவர் காதுக்குக் கொஞ்சம் உறுத்தலாம், பொருள் கைக்கு வந்துவிடும்.

மேசையில் இருந்த இளைஞர் ஒரு கேள்வி கேட்டார். அதில் 'பாஸு தாஒரு', 'ஃபேஸு தாஒரு' என்ற இரண்டு மட்டும் காதில் விழுந்தன. குளியல் துண்டா, முகத்துண்டா? கைகளை அகல விரித்துக் காட்டினேன். அவரும் விரித்துக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் பெரிய துண்டு வந்தது.

இரண்டாம் நாள், ஒசாகா

இன்று ஒரு சின்ன அவமானம்.

அத்தை மாத்திரை போடத் தண்ணீர் கேட்டார். அறைக்குள் பாட்டில் இல்லை. தொலைபேசியில் கீழே அழைத்தேன். அறை எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்று தெரியும். 704 என்றால் 'நானா, மாரு, யோன்'. பூஜ்யத்துக்கு 'மாரு', அதாவது வட்டம். அதெல்லாம் சரியாகப் போனது. அப்புறம் தண்ணீர் கேட்டேன். நோட்டில் 'மிஸு' என்று எழுதியிருந்தது, அப்படியே படித்தேன்.

மறுமுனையில் ஒரு நொடி அமைதி. பிறகு மிகுந்த கவலையோடு ஏதோ கேட்டார். இரண்டு நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. கையில் தண்ணீர் இல்லை, குறிப்பேடு இருந்தது.

தண்ணீருக்கான சொல்லில் வருவது ஸ இல்லை. ஸ சொல்லிக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் வருகிற ஒலி. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. அதிர்வில்லாமல் 'மிஸு' என்று சொன்னால் ஜப்பானியர் காதில் அது தவறு, பிழை என்று பொருள்படும் இன்னொரு சொல். ஆங்கிலத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது. அறை எண்ணைச் சொல்லி, 'தவறு, தயவுசெய்து' என்று சொல்லியிருக்கிறேன். பாவம், அறையில் என்ன தவறு நடந்தது என்று எழுதிக்கொண்டு போக வந்திருக்கிறார்.

இரவு உட்கார்ந்து நோட்டு முழுவதையும் திருத்தினேன். அந்த ஒலி வரும் இடத்தில் எல்லாம் ஸ-வை அடித்துவிட்டு ஜ போட்டேன். 'மிஜு' என்பதும் சரியில்லைதான், ஆனால் பிழையைவிடத் தண்ணீருக்கு அருகில் இருக்கிறது. இன்னொரு வம்பும் கண்ணில் பட்டது. தமிழில் சொல்லின் முதலில் வரும் வல்லினத்தை வன்மையாகவும் நடுவில் தனியாக வருவதை மென்மையாகவும் படிக்கிறோம். 'முடியுமா' என்பதற்கான சொல்லை நான் 'தெகிமாஸ் க' என்று எழுதியிருந்தேன். அதில் தலைகீழ்: முதல் ஒலி மென்மை, இரண்டாவது வன்மை. நம் பழக்கப்படி வாசித்தால் இரண்டுமே தப்பாகும். 'தெக்கிமாஸ் கா' என்று மாற்றி, முதல் எழுத்தின் கீழ் ஒரு கோடு போட்டேன். தனம், தயவு என்பதில் நம்மூரில் பலர் சொல்கிற அந்த மென்மையான த.

மூன்றாம் நாள், ஹிரோஷிமா

இரவு பதினொன்று நாற்பது. இதை எழுதும்போது சுவரின் மறுபக்கம் ஒரு இயந்திரம் முனகுகிறது. கூடவே லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் ஒரு மணி ஒலி. எங்கள் அறை நடைபாதையில் முதல் அறை. ஒரு பக்கம் லிஃப்ட், மறுபக்கம் பானம் விற்கும் இயந்திரம் வைத்த மூலை. சாவி வாங்கும்போதே தரைப்படத்தைப் பார்த்திருக்க வேண்டும். கதவின் உள்பக்கம் தீ விபத்தில் வெளியேறும் வழிக்கான படம் ஒட்டியிருக்கிறது. அதில் லிஃப்ட் எங்கே, படிக்கட்டு எங்கே, நம் அறை எங்கே என்று எல்லாம் தெளிவாக இருக்கிறது. பையைப் பிரிப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. பிரித்த பிறகு மாறுவது அவர்களுக்கும் இரட்டை வேலை, அந்த அறையை மறுபடி சுத்தம் செய்தாக வேண்டும்.

“காதுக்குள்ளயே ஓடுது,” என்றார் அத்தை. “போய்ச் சொல்லும்மா. சத்தமா இருக்குன்னு சொன்னா போதும்.”

சத்தமாக இருக்கிறது என்பதற்கு 'உருசாய்' என்று ஒரு சொல் இருக்கிறது. கீழே இறங்கும்போது அதைச் சொல்லவேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணம், அதையே ஒருவரைப் பார்த்துச் சொன்னால் 'வாயை மூடு' என்று ஆகிவிடும். நள்ளிரவில் கலைந்த தலையோடு ஒரு பெண் மேசைக்கு வந்து அந்தச் சொல்லை உதிர்த்தால் எதிரில் இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ. நோட்டில் வேறு ஒன்று வைத்திருந்தேன்: 'ஒத்தோகா, கி நி நரிமாஸ்'. ஒத்தோ என்றால் ஒலி. 'ஒலி மனதில் உறுத்துகிறது' என்பது போன்ற வாக்கியம். யார் மேலும் குற்றம் இல்லை. பக்கத்து அறைக்காரர் பாட்டுக் கச்சேரி நடத்தினாலும் இதையே சொல்லலாம், கூடவே பக்கத்து என்பதற்கு 'தொனாரி' சேர்த்துக்கொண்டால் போதும்.

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்: 'மொத்தோ ஷிஜுகனா ஹெயா, அரிமாஸ் கா?'

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மொத்தோ, இன்னும். ஷிஜுகனா, அமைதியான. ஹெயா, அறை. அரிமாஸ், இருக்கிறது. கா, நம்முடைய ஆ. இன்னும் அமைதியான அறை இருக்கிறதா? ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. வினைச்சொல் கடைசியில், கேள்விக்கான ஒட்டு அதற்கும் கடைசியில். வேறு பல மொழிகளில் கேள்வி கேட்பதற்காக வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும், இங்கே தமிழில் யோசித்துச் சொற்களை மட்டும் மாற்றினால் போதும். 'எரெபேத்தா கரா தோஇ ஹெயா' என்பதும் அப்படித்தான்: லிஃப்ட், இலிருந்து, தூரமான, அறை. தோஇ என்பது தூரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் ஒலிக்கிறது பாருங்கள். தற்செயல்தான், ஆனால் நினைவில் நிற்க அது போதும்.

கேட்பது இவ்வளவு சுலபமாக இருப்பதால் ஒரு தொல்லை உண்டு. வாக்கியம் சரியாக வந்தவுடன் எனக்கு மொழி தெரியும் என்று அவர் நினைத்துவிட்டார். நீண்ட, மிக மரியாதையான பதில் ஒன்று வந்தது. அதில் நான் பிடித்தது ஒரே ஒரு சொல்: 'மன்ஷிட்சு'. அறைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. இந்தச் சொல்லை மட்டும் தெரிந்துகொண்டு வந்தது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் அவர் தலைகுனிந்து சொன்னதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பையைக் கட்டியிருப்பேன். அவர்கள் ஒப்புக்கொண்டால் 'கஷிக்கோமரிமாஷ்த்தா' என்று ஒரு நீளமான சொல் வரும். அப்படியே ஆகட்டும் என்பது அதன் பொருள். அது காதில் விழாதவரை காரியம் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். 'மிமிசென்', காதடைப்பான். மிமி என்றால் காது. அத்தை அதைப் போட்டுக்கொண்டு இப்போது தூங்குகிறார். நான்தான் இயந்திரத்தின் முனகலைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நான்காம் நாள், ஹிரோஷிமா

நேற்று அறை இல்லை, இன்று சிலர் காலி செய்வார்கள். இரவுக்கு அமைதியான அறை கிடைக்குமா என்று காலையிலேயே கேட்டுவிடுவது என்று இறங்கினேன். இன்றிரவுக்கு 'கொன்பன்'. நம்முடைய 'ஓ' மாதிரி, எடுத்துப் பேசுகிற பொருளைச் சுட்ட அவர்கள் 'வா' என்ற ஒட்டைப் போடுவார்கள். 'இன்றிரவு எப்படி?' என்று சுருக்கமாகக் கேட்க, புத்திசாலித்தனமாக அந்த ஒட்டைச் சேர்த்து, குரலை உயர்த்தி, 'கொன்பன் வா?' என்றேன்.

காலை எட்டரை மணி. வெளியே நல்ல வெயில். நான் மாலை வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

அந்த வணக்கமே அப்படிப் பிறந்ததுதான், 'இந்த இரவோ...' என்று தொடங்கி மீதியை விழுங்கிவிட்ட வாக்கியம். மேசையில் இருந்த பெண் ஒரு கணம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மிக நாகரிகமாக எனக்கு 'ஒஹாயோ கொஜாய்மாஸ்' என்று காலை வணக்கம் சொன்னார். திருத்தினாரா, பதில் வணக்கம் சொன்னாரா என்பது இன்னும் எனக்குத் தெரியவில்லை. சுருக்கினால் இப்படித்தான். முழுசாகச் சொன்னேன்: கொன்பன், மொத்தோ ஷிஜுகனா ஹெயா, அரிமாஸ் கா? உடனே புரிந்தது. திரையைப் பார்த்தார்.

ஒரு அறை இருந்தது. ஒன்பதாம் மாடி, லிஃப்டிலிருந்து கடைசி. ஆனால் 'கிட்சுஎன்' என்று ஏதோ சொல்லி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். எனக்குத் தெரிந்தது 'கின்என்', அதாவது புகைபிடிக்கத் தடை. இரண்டும் காதில் ஏறக்குறைய ஒன்றுபோல விழுகின்றன, பொருளோ நேர் எதிர். கிட்சுஎன் புகைபிடிக்கும் அறை. ஆமாம் என்று தலையாட்ட வாய் திறந்தவள், அவர் ஏன் காத்திருக்கிறார் என்று யோசித்ததால் தப்பித்தேன். விரலால் சிகரெட் பிடிப்பது போலக் காட்டிக் கேட்டேன். ஆமாம் என்றார். சத்தமில்லாத அறை காலியாக இருக்கிறதென்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்போல.

வேறு அறைக்காக மறுபடி கேட்டபோது அவர் சொன்னது 'ச்சொத்தோ...' என்பது மட்டும். ச்சொத்தோ என்றால் கொஞ்சம். 'கொஞ்சம்...' என்று இழுத்து, தலையைச் சாய்த்து நிறுத்திவிட்டார். நான் மீதி வரும் என்று காத்திருந்தேன். மீதி வராது. முடியாது என்பதை அந்த இழுப்பிலேயே சொல்லியாயிற்று. நாமும் 'அது வந்து... கொஞ்சம்...' என்று இழுத்தால் எதிராளிக்குப் புரிந்துவிடுகிறதே, அதேதான்.

மதியம் நாங்கள் வெளியே போய்த் திரும்பியபோது அவரே கையசைத்து அழைத்தார். யாரோ முன்பதிவை ரத்து செய்திருக்க வேண்டும். ஆறாம் மாடி, நடைபாதையின் நடுவில், கின்என். இந்தச் சொல்லை அவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார், நான் இரண்டு முறை திருப்பிச் சொன்னேன்.

ஐந்தாம் நாள், கியோட்டோ

நேற்றிரவு இருவரும் தூங்கினோம். இன்று ரயில், நடை, கால்வலி. மேசையில் ஒரே வேலை: ஒரு மணிக்கே வந்துவிட்டோம், அறைக்குள் விடுவது மூன்றிலிருந்து. 'நிமொட்சு, ஒனேகாய்ஷிமாஸ்' என்று பைகளைக் காட்டினேன். நிமொட்சு, சுமை. எண் போட்ட வில்லை ஒன்றைக் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“இதுக்குள்ள மருந்து இருக்கே, பத்திரமா இருக்குமா?” என்று அத்தை கேட்க, மொழி புரியாமலேயே அந்தப் பணியாள் 'தாய்ஜோபு, தாய்ஜோபு' என்றார். பரவாயில்லை, ஒன்றும் ஆகாது என்பது. இதிலும் முதல் த மென்மை. அத்தைக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. மாலை முழுக்க எல்லாவற்றுக்கும் தாய்ஜோபு.

ஆறாம் நாள், கியோட்டோ

இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தவறை இன்று பதிவு செய்கிறேன். கடைசி நேரத்தில் தப்பியதால் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

இங்கே அறையைக் காலி செய்ய வேண்டியது பத்து மணிக்கு. அத்தைக்கு அது போதாது, ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் நல்லது. இதை முந்தைய இரவே கேட்பது புத்திசாலித்தனம். பத்திலிருந்து மூன்று வரைதான் சுத்தம் செய்ய அவர்களுக்கு நேரம், எந்த மாடியை எப்போது யார் செய்வது என்று காலையில் பட்டியல் போட்டுவிட்டால் ஒரு அறைக்காக மாற்றுவது சிரமம். மறுநாள் எல்லா அறையும் பதிவாகியிருந்தால் இன்னும் கஷ்டம். ஆகவே இரவு ஒன்பது மணிக்கு இறங்கினேன். கூடுதல் நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு கட்டணம் என்று அறையில் இருந்த அட்டையிலேயே எழுதியிருந்தது.

'செக்கு-அவுத்தோ, இச்சிஜி, ஒனேகாய்ஷிமாஸ்' என்றேன். ஒரு மணி நேரம், தயவுசெய்து. நான் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் திரையைப் பார்த்தார். ஏதோ தட்டினார். 'ஜூசன்ஜி' என்று ஒரு சொல் வரும் கேள்வியைக் கேட்டார். மரியாதைக்காக எதையோ நீட்டிச் சொல்கிறார் என்று நினைத்து 'ஹாய்' என்றேன். ஹாய் என்றால் ஆமாம். தெரியாத கேள்விக்கு ஹாய் சொல்லும் பழக்கத்தை விடவேண்டும் என்று நான்காம் நாளே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அவர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். அட்டையில் பார்த்த தொகையைப்போல் மூன்று மடங்கு.

முதலில் ஏமாற்றுகிறார்களோ என்றுதான் தோன்றியது. அப்புறம் அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 10:00, ஒரு அம்புக்குறி, 13:00.

இச்சிஜி என்றால் ஒரு மணி. கடிகாரத்தில் ஒரு மணி. இச்சிஜிக்கன் என்றால் ஒரு மணி நேரம். கடைசியில் வருகிற அந்த 'க்கன்'தான் நம்முடைய 'நேரம்'. நான் ஒரு மணி வரை கேட்டிருக்கிறேன், அதாவது மூன்று மணி நேரம். அவர் அதை இருபத்து நான்கு மணிக் கணக்கில் பதின்மூன்று என்று மாற்றி உறுதிசெய்துகொண்டார். ஜூ பத்து, சன் மூன்று, ஜி மணி. தவறு முழுக்க என்னுடையது. தமிழிலும் 'ஒரு மணி தாங்க' என்று சொன்னால் யார்தான் என்ன நினைப்பார்கள்?

தாளை வாங்கி 13-ஐ அடித்து 11:00 என்று எழுதினேன். அவர் முகம் தெளிந்தது. 'ஜூஇச்சிஜி மாதே' என்றார். மாதே என்றால் வரை, இதிலும் வாக்கிய அமைப்பு நம்முடையதுதான்: பதினொரு மணி வரை. திரையில் மாற்றினார், கால்குலேட்டரில் ஒரு மணி நேரத் தொகை வந்தது. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த அந்த நீளச் சொல்லும் வந்தது, கஷிக்கோமரிமாஷ்த்தா.

மேலே வந்ததும் நோட்டில் இருந்த 'இச்சிஜி' வரியை அடித்தேன். இனி எத்தனை மணி நேரம் என்று கேட்கப்போவதில்லை, எத்தனை மணி வரை என்றுதான் கேட்பேன். கால அளவைச் சொன்னால் எங்கிருந்து என்ற கேள்வி பின்னால் வரும். முடிவு நேரத்தைச் சொன்னால் அதைத் தாளில் எழுதிக் காட்டவும் முடியும். இலக்கம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கிறது. வாயால் சொல்லும் எண்தான் வம்பு. ஒன்பதுக்கு 'க்யூ' என்று கற்றுக்கொண்டு வந்தேன், ஒன்பது மணி என்றால் அது 'குஜி' ஆகிவிடுகிறது. நாலு 'யோன்', நாலு மணி 'யோஜி'. ஏழு மணிக்கு 'ஷிச்சிஜி' என்பார்கள், அவசரத்தில் கேட்டால் அது இச்சிஜி மாதிரியே விழுகிறது.

ஏழாம் நாள், மறுபடி ஒசாகா

நாளை விமானம். முதல் நாள் தங்கிய ஹோட்டலிலேயே ஓர் இரவு.

நான் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை குளிக்கப் போகும்முன், துண்டைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லி இறங்கினார். நோட்டு வேண்டாமாம். பத்து நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பினார், ஆனால் முகத்தில் பெருமை.

“தா ஒரு, மோ ஹித்தொட்சுன்னேன். டக்குனு புரிஞ்சுடுச்சு. ஏதோ கேட்டாரு, தாய்ஜோபுன்னேன். கொண்டுவந்து குடுத்துடுவாங்க.”

குளித்துவிட்டு ஈரத்தலையோடு இருக்கிற துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. கதவு தட்டப்படவில்லை. நான் இறங்கிப் போனேன். மேசையின் ஓரத்தில் மடித்து வைத்த பெரிய துண்டு ஒன்று இருந்தது. முதல் நாள் பார்த்த அதே இளைஞர் என்னைக் கண்டதும் அதை இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டி, 'ஹெயா மாதே' என்று சொல்லித் தன்னைக் காட்டினார், பிறகு மேலே காட்டினார், பிறகு அத்தையைப்போலக் கையை ஆட்டி 'தாய்ஜோபு' என்றார்.

அறை வரை நானே கொண்டுவரட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், பரவாயில்லை என்று அத்தை சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.